மார்ச் கடைசி வாரத்தில் விடுப்பு கேட்டல்: ஓர் ஆய்வு

கீழ்நிலையில் இருப்பவர் மேலதிகாரியிடம் ஒன்றைக் கேட்கும்போது இருவர் முகத்துக்கும் ஆபத்து நேர்கிறது. முகம் என்று இங்கே சொல்லப்படுவது மூக்கும் முழியும் அல்ல. நாலு பேர் நடுவில் ஒருவர் தமக்கென்று காப்பாற்றி வரும் மதிப்பு. இந்தப் பொருளில் இதைச் சமூகவியலுக்குள் கொண்டுவந்தவர் எர்விங் காஃப்மன். 1955இல் எழுதிய கட்டுரையில் இதைப் பேசினார். பெனலப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978இல் அதை இரண்டாகப் பகுத்தார்கள். நம்மை நாலு பேர் மதிக்க வேண்டும் என்பது ஓர் ஆசை. நம் வேலையில் யாரும் குறுக்கே வரக் கூடாது என்பது இன்னோர் ஆசை. எந்தக் கோரிக்கையும் இரண்டாவது ஆசையின் மேல்தான் முதலில் கை வைக்கிறது. கேட்டவருக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் அவருடைய முதல் ஆசையும் அடிபடுகிறது. இப்படி முகத்துக்கு ஊறு செய்யும் பேச்சை இக்கட்டுரை முகமிரட்டல் என்று குறிக்கும்.

பிரவுனும் லெவின்சனும் தங்கள் கொள்கையை மூன்று மொழிகளின் மேல் கட்டினார்கள். ஒன்று ஆங்கிலம். இன்னொன்று மெக்சிகோவில் மாயர் வழிவந்தோர் பேசும் செல்தால். மூன்றாவது, கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கேட்ட தமிழ். ஆகவே உலகெங்கும் வகுப்பறைகளில் ஓதப்படும் இந்தச் சாத்திரத்துக்கு நம் பேச்சும் ஒரு மூலப்பொருள். ஆய்வு கிராமத்தோடு நின்றது. அருகிலேயே ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தின் பில் பிரிவிலும் நாலு நாள் உட்கார்ந்திருந்தால் நூல் இன்னும் கொஞ்சம் தடித்திருக்கும்.

முகமிரட்டலின் எடையை மூன்று தொகைகளின் கூட்டல் என்று அவர்கள் வரையறுத்தார்கள்:

W = D + P + R

D என்பது இருவருக்கும் இடையிலான பழக்கத்தின் தூரம். P என்பது கேட்கப்படுபவருக்குக் கேட்பவர் மேல் உள்ள அதிகாரம். R என்பது கேட்கும் பொருள் அந்தச் சமூகத்தில் எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்பது. ஆறு வருடம் ஒரே பிரிவில் இருக்கும் இளநிலை உதவியாளருக்கும் கண்காணிப்பாளருக்கும் D அதிகமில்லை. இருவரும் ஒரே கடையில்தான் டீ குடிக்கிறார்கள். P மாறாதது. ஆகவே எல்லாம் R-இன் கையில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. அதில் ஒரு நாளை ஆகஸ்டில் கேட்பதற்கு R மிகச் சிறியது. அதே ஒரு நாளை மார்ச் கடைசி வாரத்தில், நிதியாண்டு முடிவதற்குள் பில்களைக் கருவூலத்தில் சேர்த்தாக வேண்டிய நேரத்தில் கேட்டால், வீடு கட்டக் கடன் கேட்பதற்குச் சமமாக R ஏறிவிடுகிறது. பங்குனி உத்திரமும் சில ஆண்டுகளில் சரியாக அந்த வாரத்தில் வந்து விழும். குலதெய்வம் சாஸ்தாவாக உள்ள தென்மாவட்டத்துக்காரர் அன்று ஊரில் நின்றே ஆக வேண்டும்.

எடை ஏற ஏற, கேட்பவர் நேர்ப்பேச்சிலிருந்து விலகிப் போவார் என்பது கொள்கை. அடிமட்டத்தில் இருப்பது பட்டென்று கேட்பது: “சார், வியாழக்கிழமை லீவு வேணும்.” தீப்பிடித்த வீட்டிலும் ஒத்த நிலையினரிடமும் இது செல்லும். அடுத்து உறவு கொண்டாடுவது. ‘நம்ம ஆள்’ என்ற உணர்வை ஊட்டி, பிறகு கேட்பது. மேலிருந்து கீழே வரும்போது இது நன்றாக வேலை செய்யும். வயதில் மூத்த அலுவலக உதவியாளரை இளம் அதிகாரி “அண்ணே, ஒரு டீ சொல்றீங்களா?” என்பது இந்த வகை, அந்த ‘அண்ணே’ கட்டளையின் கூரை மழுக்கிவிடுகிறது. கீழிருந்து மேலே அதே உத்தியை எறிந்தால் திரும்பித் தாக்கும். கண்காணிப்பாளரை “அண்ணே” என்றவர் அடுத்த பதவி உயர்வுவரை அதை மறக்க முடியாது.

மூன்றாவது, தயங்கிக் கேட்பது. “சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும், முடிஞ்சா கொஞ்சம்…” என்று வழிவிட்டு நிற்கும் பேச்சு. இதற்கு வேண்டிய கருவிகள் தமிழில் ஏராளம். ‘கொஞ்சம்’ எதையும் சிறிதாக்கும். “பாருங்களேன்” என்பதிலுள்ள ‘ஏன்’ கட்டளையை யோசனையாக மாற்றும். “முடியுமா” என்பது மறுப்பதற்கும் இடம் வைக்கும். ‘சார்’ என்ற சொல்லையும் ‘நீங்க’ என்ற பன்மையையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவற்றை யாரும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை, விட்டால்தான் கவனிக்கப்படும். ஜப்பானிய மொழியை வைத்து சச்சிகோ இடே 1989இல் எழுப்பிய மறுப்பும் இதுதான்: மரியாதையில் பெரும்பகுதி உத்தியே அல்ல, தன் இடத்தை அறிந்து நிற்பது.

நான்காவது, கேட்காமல் கேட்பது. ஐந்தாவது, கேட்காமலே இருந்துவிடுவது. அதை ஆராய வழியில்லை, ஊரில் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதைத் தவிர அது எந்தத் தடயத்தையும் விடுவதில்லை.

நான்காவது வகைதான் அலுவலகத்தின் உயர்ந்த கலை. அதை ஓர் உரையாடலில் காணலாம். மாதிரிக்காக அமைத்தது என்றாலும், அலுவலகம் போனவர்களுக்கு மாதிரியாகத் தெரியாது. நேரம் மதியச் சாப்பாட்டுக்குப் பின். காலையில் வரும் கோப்புகள் R-ஐக் கூட்டும் என்பதால் இந்த நேரம் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

“சார்…”

“என்னப்பா?”

“ஒண்ணுமில்ல சார். கன்டின்ஜென்சி பில் எல்லாத்தையும் நாளைக்கே முடிச்சுடலாம்னு இருக்கேன்.”

“நல்லது.”

“வியாழக்கிழமை உத்திரம் சார்.”

“ஆமா.”

“அப்பா தனியா இருக்காரு. வருஷா வருஷம் சாஸ்தா கோயிலுக்கு அவரோட போறது.”

கண்காணிப்பாளர் பேனாவைக் கீழே வைக்கிறார்.

“எந்த ஊரு உங்களுக்கு?”

“ஸ்ரீவைகுண்டம் பக்கம் சார்.”

“அப்ப புதன் ராத்திரியே கிளம்பணுமே. மிச்ச பில்லை யாரு பார்ப்பா?”

“பக்கத்து சீட்டு அண்ணன் பாத்துக்கறேன்னாரு சார்.”

“சரி, எழுதிக் குடுங்க.”

இதில் ‘லீவு’ என்ற சொல் இருவர் வாயிலிருந்தும் வரவில்லை. கோரிக்கையை முடித்து வைத்தவர் கேட்டவர் அல்ல, கேட்கப்பட்டவர். ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்பதை அவரே கண்டுபிடித்துச் சொன்னார். மறுத்திருந்தாலும் யாரும் யாரையும் மறுத்ததாக ஆகாது. உத்திரம் வியாழக்கிழமை வருகிறது என்ற பஞ்சாங்கச் செய்திக்கு “ஆமா” என்று ஒப்புக்கொண்டு கோப்புக்குள் திரும்பியிருந்தால், கேட்டவரும் பில் விஷயமாகத்தான் வந்ததாகக் காட்டிக்கொண்டு இருக்கைக்குப் போயிருப்பார். இருவர் முகமும் தப்பும். இந்த வழியின் உயிர்நாடி இந்த மறுக்கும் வசதிதான்.

தொடக்கத்து “ஒண்ணுமில்ல” கவனத்துக்குரியது. ஒன்றுமில்லாமல் யாரும் அதிகாரியின் மேசைமுன் நிற்பதில்லை. அச்சொல்லைக் கேட்டதும் ஏதோ இருக்கிறது என்று அதிகாரி நிமிர்கிறார். அடுத்து வருவது காணிக்கை: பில்லை நாளைக்கே முடிப்பது. அது விடுப்போடு தொடர்பில்லாததுபோல் தள்ளி வைக்கப்படுகிறது; ஒட்டிச் சொன்னால் பேரம் ஆகிவிடும். காரணம் கடைசியில் வருகிறது, அதுவும் சாமிக்கும் அப்பாவுக்கும் உரியதாக. சொந்த விருப்பம் எங்கும் தலைகாட்டுவதில்லை.

வழி திறக்கிறதா என்பதைப் பயணக் கேள்வியால் அறியலாம். எந்த ஊர், பஸ்ஸா ரயிலா என்று அதிகாரி விசாரித்தால் பாதி சம்மதம். “ஓ அப்படியா” என்று சொல்லிக் கண் கோப்பிலேயே நின்றால் குறிப்பு போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் வேண்டாமென்று திருப்பி அனுப்பப்பட்டது. இரண்டில் எது என்று தெரியாமல் போவதே இந்த வழியின் குறை. அப்போது மூன்றாம் வழிக்கு இறங்கி வந்து, “முடிஞ்சா வியாழக்கிழமை மட்டும் சார்” என்று வாயால் கேட்டுவிட வேண்டும். நான்காம் வழியிலேயே நின்று, உத்திரத்தின் மகிமை, தாமிரபரணியில் தண்ணீர், அப்பாவின் முழங்கால் என்று மேலும் மேலும் குறிப்புகளை அடுக்குபவர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்.

கொள்கையும் சறுக்கும் இடம் இதுவே. மறைமுகம் கூடக் கூட மரியாதையும் கூடும் என்று பிரவுனும் லெவின்சனும் எதிர்பார்த்தார்கள். 1987இல் ஷோஷானா ப்ளம்-குல்கா, ஹீப்ரூ பேசுவோரிடமும் ஆங்கிலம் பேசுவோரிடமும் கேட்டுப் பார்த்தபோது வெறும் குறிப்புக்கு முதலிடம் கிடைக்கவில்லை. “முடியுமா” வகைக் கேள்விகளையே அதிக மரியாதையானவை என்றார்கள். குறிப்பு கேட்பவரைக் காப்பாற்றுகிறது, ஆனால் என்ன வேண்டும் என்று ஊகிக்கும் வேலையை எதிராளி தலையில் கட்டுகிறது. மார்ச் கடைசி வாரத்தில் கண்காணிப்பாளர் தலையில் ஏற்கெனவே போதிய வேலை இருக்கிறது. “என்ன வேணும்னு நேரா சொல்லுங்கய்யா” என்று அவர் அலுத்துக்கொள்வதை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

மறுப்பும் ஒரு முகமிரட்டல்தான். அதிகாரிக்கும் அதற்கு உத்திகள் வேண்டும். அதிகாரம் அதிகமுள்ளவர் பட்டென்று மறுக்கலாம் என்று சூத்திரம் சொல்லும். நடைமுறையில் அவர் சொல்வது “பாப்போம்”. இது சம்மதம் அல்ல. மறுப்பு என்று நிரூபிக்கவும் முடியாது. புதன் மாலைவரை அது தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குள் டிக்கெட் எடுத்தவர் துணிச்சல்காரர், எடுக்காதவர் அனுபவசாலி. இன்னொரு வகை, பொறுப்பை மேலே தள்ளுவது: “எனக்கு ஒண்ணுமில்ல, ஏ.ஓ. என்ன சொல்வாரோ.” தன் கையெழுத்தே போதுமான ஒரு நாளுக்கு அடுத்த அதிகாரியை இழுப்பது, மறுப்பவரின் முகத்தைக் காக்க மூன்றாமவரின் முகத்தைக் கடன் வாங்குவது.

வாய்ப்பேச்சு முடிந்த பின் எழுதப்படும் விண்ணப்பத்தில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. “ஒரு நாள் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்” என்று அது நேராகவே கேட்கிறது. பணிவு அச்சில் வார்த்தது. எழுதியவரோ படிப்பவரோ அதை உணர்வதில்லை. காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று இரண்டு சொல். சாஸ்தாவும் அப்பாவும் வாய்ப்பேச்சோடு வேலை முடித்துப் போய்விட்டார்கள்.

வாட்ஸ்அப் வந்தபின் ஆறாவது வழி ஒன்று பிறந்திருக்கிறது. அதற்குப் பழைய நூலில் இடமில்லை. வியாழன் காலை எட்டே முக்காலுக்கு “சார், காய்ச்சல். இன்று ஒரு நாள் விடுப்பு” என்று செய்தி போகிறது. பட்டென்று கேட்கும் முதல் வழியின் வடிவம்தான், ஆனால் எதிரில் முகம் இல்லை. அனுமதி கேட்கும் நேரமும் கடந்துவிட்டது; அது நடந்துவிட்ட ஒன்றைத் தெரிவிக்கிறது. அதே நிமிடம் திருநெல்வேலி ரயிலின் சத்தம் பின்னணியில் கேட்டுவிடும் என்பதால் இவ்வகைக் கோரிக்கையாளர்கள் போன் செய்வதில்லை. அதிகாரி அனுப்பும் பதில் பெரும்பாலும் கட்டை விரல் படம் ஒன்று. அது அனுமதியா, பார்த்துவிட்டேன் என்ற தகவலா என்பது வெள்ளிக்கிழமை வருகைப் பதிவேட்டைத் திறந்த பிறகே தெரியவரும்.