பூவா, வால்வா?

பெயர் தெரியாத ஒரு பாத்திரத்தைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இரண்டு விஷயங்கள் நடக்கும். முதலில், அது என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அடுத்து, ஒவ்வொருவருக்கும் வேறு வேறாகத் தெரிந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியவரும்.

நான் போட்டது ஆச்சி வீட்டுப் பரணில், ஒரு தவலைக்குள் கிடந்த பித்தளைச் சாமான். பூவின் இதழ்களைப் போல வளைந்து நெளிந்த ஒரு வளையம், அதற்குள்ளே சின்னதாக இன்னொரு வளையம், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குச் சட்டங்கள், நட்ட நடுவில் ஒரு குமிழ். அடித்தட்டும் இல்லை, மேல்மூடியும் இல்லை. எதையும் ஊற்றி வைக்க முடியாது, எதையும் மூடவும் முடியாது. அம்மாவிடம் காட்டினேன். “அது உங்க ஆச்சி சாமான். நான் தொட்டதே இல்லை” என்றாள். அந்தக் குரலில் நாற்பது வருஷத்து மாமியார் மருமகள் வரலாறு இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

சாமானைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, நேர் மேலே இருந்து ஒரு படம் எடுத்து அனுப்பினேன். மேசை விரிப்பில் ரோஜாப் பூக்கள் இருந்தன. அதனால் முதல் பதில், “விரிப்பு அழகா இருக்கே, எங்க வாங்கினீங்க?” என்று வந்தது.

குடிநீர்க் குழாய்களோடு உத்தியோக காலம் முழுவதும் வாழ்ந்து ஓய்வு பெற்ற சித்தப்பா, “கேட் வால்வின் கைப்பிடி. பழைய மாடல். இப்போ கிடைக்காது, பத்திரமா வை” என்று தீர்ப்புச் சொன்னார். மச்சான், கார் சக்கரத்தின் மூடி என்றான். சின்ன மாமி, “ஒத்தை ஜிமிக்கியா? ஜோடி இருக்கான்னு தேடிப் பாருங்க” என்றாள். ஒரே படம் ஒருவருக்குக் காரிலும் இன்னொருவருக்குக் காதிலும் மாட்டுகிற அளவில் தெரிந்திருக்கிறது. நடுவே பெரியப்பா இனிய காலை வணக்கம் அனுப்பினார். அதிலும் ஒரு பூ இருந்ததால், அதுவும் ஒரு பதில்தானோ என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

குற்றம் உறவினர்கள் மேல் இல்லை, படத்தின் மேல். பாத்திரத்தை நாம் பெண் பார்க்க அனுப்பும் படம் போல எடுக்கிறோம்: நல்ல பக்கம், நல்ல வெளிச்சம், பின்னால் பூ. அடையாளம் காண வேண்டுமென்றால் காவல் நிலையத்துப் படம் போல எடுக்க வேண்டும். முன்பக்கம், பக்கவாட்டு, பக்கத்தில் ஓர் அளவுகோல், எங்கெங்கே தழும்பு என்ற விவரம்.

அளவுக்கு நான் வைத்தது பத்து ரூபாய் நாணயம். எந்தக் கடைக்காரரிடம் நீட்டினாலும் “இது செல்லாதுங்க” என்று திருப்பித் தந்துகொண்டிருந்த காசு அது. செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும் கடைத்தெருவில் எடுபடவில்லை. இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான காசு கிடையாது. குறுக்களவு 27 மில்லிமீட்டர். நடுவில் வெள்ளை, சுற்றி மஞ்சள், எந்தப் படத்திலும் பளிச்சென்று தெரியும். சாமானுக்குக் குறுக்கே ஏறக்குறைய மூன்று காசு பிடித்தது. அதாவது எட்டு சென்டிமீட்டர். கார் சக்கரமும் ஜிமிக்கியும் அந்த இடத்திலேயே அடிபட்டுப் போயின.

அடுத்து வெளிச்சம். பித்தளைக்கு ஃபிளாஷ் அடித்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டும், கண்ணாடியில் போல நம் மூஞ்சியும்தான் விழும். ஜன்னலோரம் பழைய வேட்டியை விரித்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்தால் கீறலும் மேடுபள்ளமும் தாமாகவே எழுந்து நிற்கும். கேமராவை மூக்கருகே கொண்டுபோகக் கூடாது. அருகில் இருக்கும் பாகம் பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறியதாகவும் விழுந்து உருவமே கோணலாகிவிடும். இரண்டடி தள்ளி நின்று, ஜூம் போட்டு எடுக்க வேண்டும்.

பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில்தான் சாமான் வாயைத் திறந்தது. மேலிருந்து பார்த்தால் தகடு மாதிரி இருந்தது, உண்மையில் இரண்டு விரல் உயரம். வளையங்களின் கீழ் விளிம்பு மெலிந்து வழவழப்பாக இருந்தது. மேல் விளிம்பை ஒட்டி, சுற்றிலும், கறுத்துக் கெட்டிப்பட்ட எண்ணெய்ப் பிசுக்கு. நடுக் குமிழின் மேல்பக்கம் ஓர் ஓட்டை, அதற்குள் மரை. திருகாணி ஏறுகிற மரையேதான். சித்தப்பா வெற்றிப் புன்னகையோடு ஒரு கட்டைவிரலை உயர்த்தினார். ஆனால் எந்தக் கேட் வால்வை எண்ணெயில் பொரித்திருப்பார்கள் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

இன்னொரு தடயமும் கிடைத்தது. பக்கவாட்டில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. ஆவலோடு பெரிதாக்கிப் பார்த்தேன். ஆச்சியின் பெயர். சாமான் யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லையே!

அந்த நேரம் பார்த்து மனைவி, “என்னங்க, புளி போட்டுத் தேய்ச்சுத் தரேன், பளபளன்னு படம் எடுங்க” என்று கையில் வாங்கினாள். தடுத்து வாங்குவதற்குள் ஓர் இதழ் தங்கமாகிவிட்டது. மற்ற இதழ்களில் பிசுக்கு பிழைத்தது. அழுக்குதான் சாட்சி.

நாகர்கோவிலில் இருக்கும் அத்தைக்கு முதல் படத்தைக் காட்டியபோது, “என்னமோ டிசைன்லா இருக்கு” என்றுதான் சொல்லியிருந்தாள். இப்போது பக்கவாட்டுப் படம், ஓட்டையின் படம், காசு வைத்த படம் மூன்றும் போயின. வாட்ஸ்அப் படத்தை அமுக்கி மங்கலாக்கிவிடும் என்பதால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் அழைப்பு வந்துவிட்டது.

“ஏலே, இது அச்சு முறுக்கு அச்சுல்லா! தண்டை எங்கல போட்ட?”

ஆக, நாங்கள் இத்தனை நாள் ஆராய்ந்தது பாதிச் சாமானை. அந்த மரையில் ஒரு நீளமான கம்பி ஏறும், கம்பியின் மறு நுனியில் பிடி இருக்கும். கம்பியோடு பார்த்திருந்தால் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் சுடும் எந்த வீட்டுக் குழந்தையும் சொல்லியிருக்கும். கேரளத்தில் இதிலேதான் அச்சப்பம் சுடுகிறார்கள். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸ். ஸ்வீடனிலும் ஈரானிலும்கூட இதே மாதிரி அச்சை மாவில் முக்கிப் பொரித்துச் சர்க்கரை தூவித் தின்கிறார்கள். உலகத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த சாமான், எங்கள் குழுவில் மட்டும் வால்வாக இருந்திருக்கிறது.

கம்பிக்கு இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கொடுத்த ஆறு மில்லிமீட்டர் போல்ட் ஒரு சுற்று ஏறி லொடலொடவென்று ஆடியது. சாமானை வாங்கித் திருப்பிப் பார்த்தவர், “பழைய சாமான் சார், கால் இஞ்ச் மரை” என்று வேறொன்றை எடுத்தார். அது கச்சிதமாக ஏறியது. பளபளவென்று துத்தநாகப் பூச்சு போட்ட கம்பி மலிவு என்றார். கொதிக்கிற எண்ணெயில் அந்தப் பூச்சு வேண்டாமென்று ஸ்டீலில் ஒரு முழ நீளத்துக்கு வாங்கி, நுனியில் மரப்பிடி போட்டுக்கொண்டேன்.

பெயரைப் படம் சொல்லிவிடும். பழக்கத்தை அத்தைதான் சொல்ல வேண்டும். கைபேசியை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்தோம். இரண்டு ஆழாக்குப் பச்சரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து, தேங்காய்ப்பால் விட்டு மைய அரைத்து, முக்கால் ஆழாக்குச் சர்க்கரை, ஒரு முட்டை, கொஞ்சம் எள். மாவு தோசை மாவைவிடச் சற்று இளக்கமாக இருக்க வேண்டும். சர்க்கரையைக் கூட்டினால் உள்ளே வேகும் முன் வெளியே கறுத்துவிடும்.

அச்சு ரொம்ப நாள் சும்மா கிடந்ததால் முதலில் கஞ்சித் தண்ணீரிலும், பிறகு ராத்திரி முழுக்க எண்ணெயிலும் ஊறவைக்கச் சொல்லியிருந்தாள். அதன் பிறகும், பொரிக்கிற எண்ணெயிலேயே அச்சைக் காயவிட்டுத்தான் மாவில் முக்க வேண்டும். ஆறிய அச்சில் மாவு பிடிக்காது, வழிந்து கிண்ணத்துக்கே திரும்பிவிடும். அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் பிடிக்காது, பட்ட மாவு வெந்து அங்கேயே கழன்றுவிடும். சரியான சூட்டில் முக்கினால் ‘சுர்’ரென்று ஒரு சத்தம் வரும், அதுதான் அடையாளம்.

“முக்கால்வாசிதான் முக்கணும். மேல ஏறிச்சுன்னா இறங்காது” என்றாள் அத்தை. மனைவி முக்கால்வாசி முக்கினாள், அரை நிமிஷத்தில் பூ தானாகக் கழன்று எண்ணெயில் மிதந்தது. நான் தாராளமாக முழுவதும் முக்கினேன். மாவு மேல் விளிம்பைத் தாண்டி மறுபக்கம் மடிந்து, அச்சைக் கவ்விக்கொண்டது. கத்தி முனையால் பெயர்த்தபோது முறுக்கு வரவில்லை, தூள்தான் வந்தது. மேல் விளிம்பில் மட்டும் பிசுக்கு ஏன் கெட்டிப்பட்டிருந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. மாவு படாமல் காலமெல்லாம் எண்ணெயிலே காய்ந்த இடம் அது. புளி போட்டுத் தேய்த்த அந்த ஓர் இதழில்தான் மாவு ஒட்டிக்கொண்டு அதிகமாகப் படுத்தியது. மனைவி அதைப் பார்த்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதவன்தான் பிழைப்பான்.

எண்ணெயிலிருந்து எடுத்ததும் முறுக்கு மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று பதறி மறுபடி உள்ளே போடக் கூடாது, ஆறியபின் மொறுமொறுப்பு வரும். தட்டு நிறையச் சுட்டுப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். சித்தப்பா உடனே, “வால்விலேயே சுட்டாச்சா? சபாஷ்!” என்று எழுதினார்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் ஊரில் ஒரு கரண்டி வாங்கினாலும் கடையிலேயே பெயர் வெட்டித் தருகிறார்கள். அடுத்த முறை போகும்போது, உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சாமானின் பெயரையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடமில்லையென்றால் சாமானின் பெயர் போதும். உங்கள் பெயரைப் பேரப்பிள்ளைகள் எப்படியாவது கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.