மூடியைத் திறந்து வையுங்கள்

கேள்வி: மாட்டுங்கா பூக்கடையில் வாங்கிய நந்தியாவட்டையை மகளின் பள்ளி போஸ்டருக்காக ஸ்கேன் செய்தோம். வெள்ளைப் பின்னணியை நீக்கினால் இதழும் சேர்ந்து போகிறதே?
– ஒரு வாசகி, செம்பூர்

பதில்: ஸ்கேனரின் மூடி வெள்ளை, பூவும் வெள்ளை. கணினி எதை விட்டுவைக்கும்? மூடியைத் திறந்து வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்ப ஏதும் இல்லாததால் பின்னணி கறுப்பாகும். விழுவதற்கு இடமில்லாததால் நிழலும் வராது. போஸ்டரில் பூ இரு மடங்கு பெரிதாக வேண்டுமென்றால் 600 டிபிஐ வையுங்கள்.

GIMP-இல் முதலில் Add Alpha Channel கொடுங்கள். இல்லையென்றால் அழித்த இடத்தில் வேறு நிறம்தான் நிரம்பும். Fuzzy Select-ஆல் கறுப்பைத் தொட்டு, Grow மூலம் 1 பிக்சல் விரித்து Delete அழுத்துங்கள். அடியில் ஒரு மஞ்சள் லேயர் வைத்துப் பார்த்தால், ஓரத்தில் மிஞ்சிய கருங்கோடு உடனே தெரிந்துவிடும். காம்பும் சேர்ந்து மறைந்தால் Threshold-ஐக் குறையுங்கள்.

மெலிதான ஸ்கேனர்கள் பலவற்றில் கண்ணாடியைத் தொடாத இதழ் மங்கும். அதற்கு, நன்கு விரிந்த ஒற்றையடுக்குப் பூவைக் கவிழ்த்து வைப்பதே வழி.