ஐந்து பூதமும் ஒரு குதிரையும்: கேள்வி-பதில்

சங்கரன்கோவிலில் இருந்து ஒரு வாசகர்: நம் ஊர் மண் தலம். கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். சீனர்களும் பிறந்த வருஷத்துக்கு ஐந்து பூதம் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?

எண்ணிக்கைதான் ஒன்று. சீனப் பட்டியலில் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து. நம் காற்றுக்கும் ஆகாயத்துக்கும் அங்கே இடமில்லை. மரத்துக்கும் உலோகத்துக்கும் நம்மிடம் இல்லை. தென்மலைக்காரரும் தேவதானத்துக்காரரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நம் பஞ்சபூதம் உலகம் எதனால் ஆனது என்பதைச் சொல்வது. சீன ஐந்தும் ஒன்றையொன்று என்ன செய்கிறது என்பதைச் சொல்வது. அங்கே இரண்டு உறவுகள்தான் முக்கியம். முதலாவது ஊட்டுவது: மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பின் சாம்பல் மண்ணாகும், மண்ணுக்குள் உலோகம் விளையும், உலோகத்தில் நீர் துளிர்க்கும், நீர் மரத்தை வளர்க்கும். இரண்டாவது அடக்குவது: மரம் வேர்விட்டு மண்ணைப் பிளக்கும், மண் நீரை அணைகட்டி நிறுத்தும், நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும். பொருத்தம் பார்க்கிறவர் விலங்கைப் பார்த்த பிறகு இந்த இரண்டு உறவில் எது இருக்கிறது என்றுதான் தேடுவார்.

கழுகுமலையில் இருந்து: நான் குதிரை வருஷம். என் பூதம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பஞ்சாங்கம் வேண்டாம், பிறந்த ஆங்கில வருஷத்தின் கடைசி இலக்கம் போதும். 4, 5 மரம். 6, 7 நெருப்பு. 8, 9 மண். 0, 1 உலோகம். 2, 3 நீர். இரட்டைப்படை என்றால் யாங், ஒற்றைப்படை என்றால் யின். இந்த யாங்-யின்னை மறந்துவிடாதீர்கள், அடுத்த பதிலில் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது. 1978-இல் பிறந்த குதிரை மண் குதிரை, 1990-இல் பிறந்தது உலோகக் குதிரை, 2002-இல் பிறந்தது நீர்க் குதிரை.

ஜனவரியிலும் பிப்ரவரி மூன்றாம் வாரம் வரையிலும் பிறந்தவர்கள் மட்டும் நிதானிக்க வேண்டும். சீனப் புத்தாண்டு ஒவ்வொரு வருஷமும் நகரும். 1990-இல் அது ஜனவரி 27. அந்த வருஷம் பொங்கலன்று பிறந்தவர் குதிரையே அல்ல, 1989-இன் மண் பாம்பு. விலங்கும் மாறிவிடும், பூதமும் மாறிவிடும். இன்னொன்று: பள்ளியில் சேர்க்கும்போது வசதிக்காக எழுதிய தேதியை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். வீட்டில் பாட்டி நினைவு வைத்திருக்கும் தேதிதான் இதற்குச் சரி.

சங்கரன்கோவிலில் இருந்து ஒரு தாய்: என் மகன் 1990 ஆகஸ்டில் பிறந்தவன், சிங்கப்பூரில் வேலை. நம் ஜாதகத்தில் பொருந்தும் வரன்கள் மூன்று வந்திருக்கின்றன. பெண்கள் பிறந்தது 1994, 1995, 1998. மூவருமே வருஷத்தின் நடுவில் பிறந்தவர்கள். கூட வேலை பார்க்கும் சீன நண்பர், "குதிரைக்கு நாய்தான் சரி, 1994-ஐப் பாருங்கள்" என்கிறாராம். பூதத்தைச் சேர்த்தால் மாறுமா?

மாறும் அம்மா, நன்றாகவே மாறும். நிதானமாகப் பார்ப்போம்.

விலங்கை மட்டும் பார்த்தால் நண்பர் சொல்வது சரி. குதிரை, புலி, நாய் மூன்றும் ஒரே கூட்டு. 1994 நாய், 1998 புலி. இரண்டுமே குதிரைக்கு உகந்தவை. 1995 பன்றி. குதிரைக்கும் பன்றிக்கும் நட்பும் இல்லை, பகையும் இல்லை. ஆக நண்பரின் கணக்கில் நாயும் புலியும் முன்னே, பன்றி பின்னே.

இப்போது பூதம். உங்கள் மகன் உலோகம், யாங். 1994 பெண் மரம், அவளும் யாங். உலோகம் மரத்தை வெட்டும். இரண்டும் யாங் என்பதால் அந்த வெட்டில் விட்டுக்கொடுப்பே இல்லை என்பது சீன மரபு. வருஷத்தைக் குறிக்கும் பத்துக் குறிகளில் இந்த இரண்டும் நேர்ப் பகையாகவே வைக்கப்பட்டவை. விலங்கு தூக்கிவிடுவதைப் பூதம் கீழே இழுக்கிறது. பொருத்தம் உடையாது, ஆனால் "முதல் தரம்" என்ற சொல் போய்விடும். மனம் ஒத்துப்போகும், முடிவெடுக்கும்போது முட்டிக்கொள்ளும் என்று பலன் சொல்வார்கள்.

1995 பெண்ணும் மரம்தான். ஒரே வருஷ வித்தியாசம், ஆனால் அவள் யின் மரம். யாங் உலோகமும் யின் மரமும் சேர்ந்தால் வெட்டு என்று சொல்வதில்லை, கூட்டு என்கிறார்கள். பத்துக் குறிகளில் ஐந்து ஜோடிகள் கணவன்-மனைவி ஜோடிகள்; ஒவ்வொன்றிலும் யாங் பக்கம் யின் பக்கத்தை அடக்கும் பூதம்தான், ஆனாலும் அது இணைப்பாகவே எண்ணப்படுகிறது. உங்கள் மகனுக்கும் 1995 பெண்ணுக்கும் அமைவது அவற்றில் ஒன்று. விலங்கில் சாதாரணமாக இருந்த வரனைப் பூதம் மேலே ஏற்றிவிட்டது.

1998 பெண் மண். மண்ணில் உலோகம் விளையும், அதாவது அவள் பூதம் உங்கள் மகனின் பூதத்துக்கு ஊட்டம். விலங்கும் கூட்டு, பூதமும் ஊட்டம். சீனக் கணக்கில் மூன்றில் இதுதான் மேலே நிற்கிறது. ஒரு குறை சொல்வார்கள்: ஊட்டுகிறவர் களைப்பார். வீட்டில் கொடுத்துக்கொண்டே இருப்பது மருமகளாக அமையும் என்பது அதன் பொருள். பெண்ணைப் பெற்றவர்கள் கேட்கவேண்டிய கேள்வி இது. எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. எட்டு வருஷ இடைவெளி அந்தப் பெண்ணுக்குச் சம்மதமா என்பதையும் அவளிடமே கேளுங்கள்.

ராஜபாளையத்தில் இருந்து: அப்படியானால் வயது வித்தியாசமே பூதத்தைத் தீர்மானித்துவிடுகிறதா?

கூர்ந்து பிடித்துவிட்டீர்கள். பூதம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நகர்கிறது, விலங்கு வருஷத்துக்கு ஒரு முறை. அதனால் வயது இடைவெளி தெரிந்தால் பெரும்பாலும் பூத உறவும் தெரிந்துவிடும்.

நான்கு வருஷம் என்றால் விலங்கு எப்போதும் கூட்டு, ஆனால் மூத்தவரின் பூதம் இளையவரை அடக்கும். எட்டு வருஷம் என்றால் விலங்கும் கூட்டு, இளையவர் மூத்தவருக்கு ஊட்டம். பன்னிரண்டு என்றால் ஒரே விலங்கு, மூத்தவர் இளையவருக்கு ஊட்டம். ஐந்து வருஷம் என்றால் விலங்கு எதுவானாலும் பூதம் கணவன்-மனைவி ஜோடிதான். அந்த ஐந்து வருஷத்தில் விலங்கும் இணைந்துவிட்டால் ஜோசியர் முகம் மலர்ந்துவிடும்: 1988 மண் டிராகனும் 1993 நீர்ச் சேவலும், அல்லது 1994 மர நாயும் 1999 மண் முயலும் அப்படிப்பட்டவை.

ஆறு வருஷம்தான் சங்கடம். ஆறு வருஷ இடைவெளியில் விலங்குகள் நேருக்கு நேர் மோதும்: குதிரையும் எலியும், டிராகனும் நாயும். கூடவே இளையவர் பூதம் மூத்தவர் பூதத்தை அடக்கும். 1990 உலோகக் குதிரைக்கு 1996 எலி நெருப்பு, உலோகம் உருகும். பூதம் வந்து விலங்குப் பகையை ஆற்றிவிடும் என்று சிலர் சொல்வது இந்த இடத்தில் மட்டும் நடக்காது. கணக்கே அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதே குதிரை-எலிப் பகை பதினெட்டு வருஷ இடைவெளியில் ஆறும். 1990 உலோகத்துக்கு 2008 மண் எலி ஊட்டமாகிவிடும். கல்யாணத்துக்கு உதவாது, தாய்-பிள்ளைக்கு உதவும்.

புளியங்குடியில் இருந்து: ஒரு சீன ஜோசியர் 1990 உலோகம் என்கிறார், இன்னொருவர் மண் என்கிறார். யார் சொல்வது பொய்?

இருவரும் சரி. நான் மேலே சொன்னது வருஷக் குறியின் பூதம். இன்னொரு பழைய கணக்கில், அறுபது வருஷச் சக்கரத்தை இரண்டிரண்டாகக் கட்டி ஒவ்வொரு ஜோடிக்கும் தனிப் பூதம் கொடுக்கிறார்கள். அதில் 1990-ம் 1991-ம் "சாலையோர மண்". 1994-ம் 1995-ம் "மலையுச்சி நெருப்பு". 1998-ம் 1999-ம் "கோட்டைச் சுவர் மண்".

இதில் வேடிக்கை என்னவென்றால், முந்தைய பதிலில் முட்டிக்கொண்ட 1990-ம் 1994-ம் இங்கே நெருப்பும் மண்ணுமாகி ஊட்டமாகிவிடுகின்றன. அதனால் ஒரு தாளில் "சுமார்", இன்னொரு தாளில் "உத்தமம்" என்று வந்தால் பதற வேண்டாம். எந்தக் கணக்கு என்று முதலில் கேளுங்கள். ஒருவருக்கு ஒரு கணக்கும் மற்றவருக்கு வேறு கணக்குமாகக் கலந்து பார்ப்பதுதான் உண்மையான தப்பு.

கடையநல்லூரில் இருந்து: நம் யோனிப் பொருத்தத்திலும் விலங்குகள் உண்டே. இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமா?

வேண்டாம். யோனி விலங்கு நட்சத்திரத்தால் வருவது, நாளுக்கு நாள் மாறும். சீன விலங்கு வருஷத்தால் வருவது, ஒரு வகுப்பில் பாதிக்கு மேல் ஒரே விலங்கு, ஒரே பூதம். நம்மிடம் குதிரைக்குப் பகை எருமை, எலிக்குப் பகை பூனை. அவர்களிடம் குதிரைக்கு எலியே பகை. பூனைக்கு இடமே இல்லை.

சுரண்டையில் இருந்து: மருமகளுக்கு 2026 அக்டோபரில் பிரசவம். அது நெருப்புக் குதிரை வருஷம், பெண் பிறந்தால் ஆகாது என்று மலேசியாவில் இருக்கும் உறவினர் பயமுறுத்துகிறார்.

பூதம் மட்டும் ஒரு விலங்கின் பெயரை எப்படிக் கெடுத்தது என்பதற்கு இதுதான் பெரிய சாட்சி. குதிரைக்கு இயல்பிலேயே நெருப்பு. அதன்மேல் வருஷமும் நெருப்பாக வந்தால் இரட்டை நெருப்பு. அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும். 1906, 1966, இப்போது 2026. அந்த வருஷத்துப் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கை ஜப்பானில் வேரூன்றியது. 1965-இல் அங்கே சுமார் 18 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1966-இல் சுமார் 13.6 லட்சம், 1967-இல் 19 லட்சத்துக்கும் மேல். கால்வாசிக் குழந்தைகள் ஒரே வருஷத்தில் குறைந்துபோயின.

சீனச் சாஸ்திரத்தில் பெண்ணுக்கென்று தனியாக அப்படி ஒரு விதி இல்லை. அது ஜப்பானில் முளைத்த பேச்சு. நம் ஊரில் "பெண் மூலம் நிர்மூலம்" என்று சொல்லி எத்தனை பெண்களை வீட்டில் உட்கார வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இதே 2026-27 நம் பஞ்சாங்கத்தில் பராபவ வருஷம். அதுவும் அறுபதுக்கு ஒன்று, 1966-இலும் அதேதான். பராபவத்தில் பிறந்த பெண்ணை யாராவது வேண்டாம் என்றார்களா? உறவினரிடம் இதைக் கேளுங்கள். நெருப்புக் குதிரைக்கு மர பூதம் ஊட்டம், 2034-இல் பிறக்கப்போகும் மரப் புலி விலங்கிலும் பூதத்திலும் பொருந்தும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

சங்கரன்கோவில் தாயிடமிருந்தே இன்னொரு கடிதம்: சீன நண்பரிடம் கடைசியாக என்ன கேட்பது?

மூன்று பெண்களின் பிறந்த நாளையும் நேரத்தையும் கொடுத்து, நாள் குறியைப் பார்க்கச் சொல்லுங்கள். வருஷம், மாதம், நாள், நேரம் என்று நான்கு தூண்கள் வைத்துத்தான் முறையாகப் பார்ப்பார்கள். வாழ்க்கைத் துணைக்கான இடம் நாள் தூணில் இருக்கிறது, வருஷத் தூணில் இல்லை. நாம் இவ்வளவு நேரம் பேசியது நான்கில் ஒரு தூணைப் பற்றித்தான். இந்த ஒரு தூணை மட்டும் வைத்து 1994 பெண் வீட்டாருக்கு "வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.