எட்டு போடுதல்: மெதுவாகச் செல்வதன் இயக்கவியலும் அதில் மாமாக்களின் பங்கும் குறித்த ஓர் ஆய்வு

ஒருவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று கண்டறிய, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் நீண்டதொரு பட்டியல் இருக்கிறது. பின்பக்கக் கண்ணாடியைச் சரிசெய்வது, மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளவிடாமல் கிளப்புவது, முந்துவது, திரும்புவது என்று விதி 15 ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தமிழ்நாட்டு மக்கள் அத்தனையையும் ஒரே கேள்வியாகச் சுருக்கிவிட்டார்கள்: "எட்டு போட்டாச்சா?" இந்தச் சுருக்கம் நியாயமானதுதானா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். இத்துறையின் முந்தைய ஆய்வுகள் யாவும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே உள்ள டீக்கடைகளில் வாய்மொழியாக வழங்கி வருபவை, அச்சேறியவை அரிது. இங்கே இருசக்கர வண்டியின் எட்டு மட்டுமே ஆராயப்படுகிறது. காரில் போடும் எட்டு வேறு சாதி. அதில் விழுவதற்கு வழியில்லை.

எட்டுக்கு முந்தைய கட்டம் எல்.எல்.ஆர். பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் விண்ணப்பிக்கலாம். கேள்வித் தேர்வில் நூற்றுக்கு அறுபது சரியாக இருந்தால் போதும். வட்டப் பலகை கட்டளை, முக்கோணப் பலகை எச்சரிக்கை, செவ்வகப் பலகை தகவல் என்ற மூன்றையும், எட்டு மூலையுள்ள 'நில்' பலகையையும் தலைகீழ் முக்கோணமான 'வழிவிடு' பலகையையும் விதிவிலக்காக நினைவில் வைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆளில்லா ரயில்வே கேட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு. வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்துபோய், இருபுறமும் ரயில் வரவில்லை என்று பார்த்துவிட்டுக் கடக்க வேண்டும் என்பது விடை. அகலப் பாதைகளில் ஆளில்லா கேட் அனைத்தையும் 2019 ஜனவரியோடு ரயில்வே ஒழித்துவிட்டது. கேட் போய்விட்டது, கேள்வி நிற்கிறது. தொல்லியல் ஆர்வலர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

எல்.எல்.ஆர். கிடைத்ததும் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத வேண்டும். எழுத்தின் உயரம் குறைந்தது 10 செ.மீ., தடிமன் 2 செ.மீ., அடிக்கோட்டின் அகலம் 9 செ.மீ. இவ்வளவு துல்லியமாக அளந்த சட்டம், அதே விதியில் ஒரு தத்துவச் சிக்கலையும் வைக்கிறது. கற்பவருடன் உரிமம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். அவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ ஏதுவான இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். காரில் இது எளிது, பக்கத்து இருக்கை இருக்கிறது. ஸ்கூட்டரில் அந்த இடம் எது? பின்சீட்டில் உட்கார்ந்தவருக்குப் பிரேக்கும் கிடையாது, ஹேண்டில்பாரும் எட்டாது. வாய் ஒன்றுதான் அவர் வசம் உள்ள கருவி. மாமாக்கள் இத்துறையில் நுழைந்தது இந்த இடைவெளி வழியாகத்தான் என்பது நம் துணிபு.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். வாங்கி முப்பது நாள் கழிந்த பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். ஆக, எட்டுக்கும் விண்ணப்பதாரருக்கும் இடையே குறைந்தது ஒரு மாதம் இருக்கிறது. பெரும்பாலோர் அந்த மாதத்தை நேர்ச்சாலையில் ஓட்டிக் கழிப்பதே முதற்பிழை. வேகமாகப் போகும் இருசக்கர வண்டி ஓரளவு தானாகவே விழாமல் நிற்கும். சக்கரம் சுழல்வதால்தான் நிற்கிறது என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். அது மட்டுமே காரணமல்ல. சுழற்சி விளைவை நீக்கினாலும் தானாக நிற்கும் சைக்கிளைச் செய்ய முடியும் என்று 2011இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வே வந்தது. வண்டி சாயும் பக்கம் முன்சக்கரம் திரும்பினால் சக்கரங்கள் எடைக்குக் கீழே வந்து சேர்ந்துவிடும். வேகத்தில் இந்தத் திருப்பத்தின் பெரும்பகுதியை வண்டியே பார்த்துக்கொள்ளும். நடைவேகத்தில் பார்த்துக்கொள்ளாது; ஓட்டுபவர்தான் செய்ய வேண்டும். மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் இடமும் வலமும் ஆடுவது பயத்தால் அல்ல, வேலை நடப்பதால்.

இப்போது ஒரு நிகழ்வாய்வு. ஈரோட்டுப் பக்கம் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், கியர் இல்லாத ஸ்கூட்டர், காலி மைதானம், சுண்ணாம்பால் போட்ட எட்டு, ஒரு மாமா என்று வைத்துக்கொள்வோம். எட்டின் ஒவ்வொரு வட்டமும் 6 மீட்டர் விட்டம் என்போம். ஒரு சுற்றின் நீளம் ஏறக்குறைய 19 மீட்டர். இரண்டுக்கும் சேர்த்து 38. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் முழு எட்டும் பதினேழு விநாடியில் முடிந்துவிடும். அந்த வேகத்தில் வண்டி பத்து பாகைக்கும் சற்றுக் குறைவாகவே சாய வேண்டும். வேகத்தை 15 கிலோமீட்டர் ஆக்கினால் அதே வட்டத்துக்கு முப்பது பாகை சாய வேண்டியிருக்கும். முப்பது பாகை சாய்க்கப் புதியவருக்கு மனம் வராது. சாய்க்காவிட்டால் வட்டம் பெரிதாகும். சக்கரம் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டும். "கொஞ்சம் ஸ்பீடாப் போனா பேலன்ஸ் வந்துரும்" என்று டீக்கடை வழங்கும் கோட்பாடு இவ்வாறு கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது.

மெதுவாகப் போக வேண்டும் என்பது முடிவானால், ஸ்கூட்டர் ஒரு தனித் தொல்லையைத் தரும். அதற்குக் கிளட்ச் பிடி கிடையாது. எஞ்சின் வேகம் ஓர் அளவைத் தாண்டினால் உள்ளே இருக்கும் கிளட்ச் தானாகப் பிடிக்கும், குறைந்தால் தானாக விடும். நம் விண்ணப்பதாரர் வேகத்தைக் குறைக்க ஆக்சிலேட்டரை முழுக்க விடுகிறார். கிளட்ச் விட்டுவிடுகிறது, வண்டி சோர்கிறது, சாய்கிறது. பதறித் திருகுகிறார், கிளட்ச் திடீரென்று பிடிக்க, வண்டி பாய்கிறது. கால் கீழே போகிறது. எட்டுக்குள் கால் ஊன்றினால் பொதுவாகத் தோல்விதான்.

இங்கே மாமா தம் கருவியைப் பயன்படுத்துகிறார்.

"கீழ பாக்காத கண்ணு! கீழ பாத்தா கீழதான் போவே!"

"பாக்கலீங்க மாமா!"

"ஆக்சிலேட்டரை முழுசா விடாத. லேசாக் குடுத்தே புடி. ஸ்பீடு அதிகமானா இடது கைப் பிரேக்கைத் தொட்டாப்ல புடி. வலது கைப் பிரேக்கு பக்கமே போகாத."

ஆய்வாளர் என்ற முறையில் இந்தக் கூற்றை ஒரு சொல் விடாமல் ஏற்கிறோம். கிளட்ச் பிடித்தே இருக்கும்படி ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்து, வேகத்தைப் பின்பிரேக்கால் மட்டும் கட்டுப்படுத்தினால் அந்தச் சோர்வும் பாய்ச்சலும் மறைந்துவிடும். கியர் வண்டியில் இதே வேலையை முதல் கியரும் அரைக் கிளட்சும் வலது கால் பிரேக்கும் சேர்ந்து செய்யும். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைப் பிடித்தால் வண்டி உள்பக்கம் மடிந்து விழும் என்பதும் உண்மை. பார்வை பற்றிய கொள்கையும் சரியே. முன்சக்கரத்தைப் பார்ப்பவருக்கு வட்டம் தெரியாது. அடுத்த அரை மீட்டர் மட்டும் தெரியும். தலையைத் திருப்பி வட்டத்தின் கால் பகுதி தள்ளிப் பார்த்தால் கை தானாக அளவோடு திரும்பும். உடம்பை மட்டும் வண்டியோடு சேர்த்துச் சாய்க்காமல் நேராக வைத்துக்கொள்ள வேண்டும். வேகத்தில் வளைவெடுக்கும் பந்தய வீரர்களைத் திரையில் பார்த்துப் பழகிய இளைஞர்கள் இதைத் தலைகீழாகச் செய்து விழுகிறார்கள்.

ஆனால் மாமா சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. இரண்டு வட்டத்தையும் தனித்தனியே அழகாகச் சுற்றுபவர்கூட நடுவில் கோட்டைவிடுவது ஏன்? ஸ்கூட்டரின் இரு சக்கரங்களுக்கும் இடைவெளி சுமார் ஒன்றேகால் மீட்டர். 3 மீட்டர் ஆர வட்டத்தில் அதன் முன்சக்கரம் ஏறத்தாழ 22 பாகை திரும்பியிருக்க வேண்டும். எட்டின் இடுப்பில் அது இடப்புற 22இலிருந்து வலப்புற 22க்கு வர வேண்டும். வண்டியின் சாய்வும் கூடவே பக்கம் மாற வேண்டும். இதை இரண்டு மீட்டருக்குள் முடித்தால் கையில் இருப்பது ஒரு விநாடிக்கும் குறைவு. நடுப்புள்ளிக்கு வந்த பிறகு திருப்பத் தொடங்குபவர் இரண்டாவது வட்டத்துக்கு வெளியேதான் நிற்பார். இடம் இருந்தால், எட்டின் இடுப்பில் சிறிது நேர்கோடு கிடைக்கும்படி இரு வட்டங்களையும் நீட்டிப் போட வேண்டும். நடுவுக்கு ஒரு மீட்டர் முன்பே ஹேண்டில்பாரை நேராக்கத் தொடங்கி, அந்த நேர்கோட்டில் மட்டும் ஆக்சிலேட்டரைத் துளி கூட்டி, கண்ணை அடுத்த வட்டத்துக்கு மாற்றிவிட வேண்டும். கண் முதலில், கை பிறகு. நம் விண்ணப்பதாரர் பயிற்சியை முழு எட்டில் தொடங்காமல், ஒரே பக்க வட்டம், பிறகு மறுபக்க வட்டம், கடைசியில் இடுப்பு என்று பிரித்துக்கொண்டால் பாதி நேரம் மிச்சம். பெரும்பாலோருக்கு ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் சனியாகவும் இருக்கும். சனியான பக்கத்திலேயே அதிக நேரம் சுற்ற வேண்டும். மனிதர்கள் செய்வது நேர்மாறு.

கடன் வாங்கிய வண்டி என்றொரு சிற்றாய்வும் தேவைப்படுகிறது. பழகியது ஒன்று, தேர்வுக்குக் கொண்டுபோவது பக்கத்து வீட்டு மொபெட் என்பது பழைய தந்திரம். சின்ன வண்டி சின்ன வட்டம் போடும் என்பதில் தவறில்லை. ஆனால் கியர் இல்லாத வண்டியில் எட்டு போட்டால் கியர் இல்லாத வண்டிக்கே உரிமம் கிடைக்கும். அப்பாவின் மோட்டார்சைக்கிளில் கண் வைத்திருப்பவர் இதை விண்ணப்பம் நிரப்பும்போதே யோசித்தாக வேண்டும்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்வி. சுருக்கம் நியாயமா? பாதி நியாயம். சந்தைத் தெரு, தேர் வரும் வீதி, பள்ளி விடும் நேரத்து வாசல் ஆகிய இடங்களில் தேவைப்படுவது எட்டின் திறமையேதான். நடைவேகத்தில் கால் ஊன்றாமல், முன்னால் போகும் பாட்டியை இடிக்காமல் போகத் தெரிந்தவருக்கு எட்டு சும்மா. மீதிப் பாதியை எட்டு தொடவே தொடாது. எதிரே வரும் பேருந்தின் வேகத்தைக் கணிப்பது, முந்தலாமா என்று தீர்மானிப்பது, குறுக்குச் சாலையிலிருந்து யாராவது பாய்வார் என்று எதிர்பார்ப்பது இவையெல்லாம் சுண்ணாம்புக் கோட்டில் இல்லை. எட்டுக்குள் எதிரே யாரும் வருவதில்லை. விதி 15இன் பட்டியல் இவற்றையும் கேட்கிறது. அதற்காகவே சில இடங்களில் சாலையிலும் ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லாத இடத்தில் விண்ணப்பதாரர் மகிழ்கிறார். நாம் மகிழவில்லை.

தோற்றவருக்குச் சட்டம் இரக்கம் காட்டுகிறது: ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறையும் தோற்றால் கடைசித் தேர்விலிருந்து அறுபது நாள் காத்திருக்க வேண்டும். எல்.எல்.ஆரின் ஆறு மாதம் இதற்கிடையே தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது, தீர்ப்பைப் புரிந்துகொள்ளும் முறை. மோட்டார் வாகன ஆய்வாளரை, அதாவது ஊரார் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டரை, வாயாரப் பாராட்டுபவர் என்று யாரும் குறிப்பிட்டதில்லை. நம் விண்ணப்பதாரர் கோட்டைத் தொடாமல், கால் ஊன்றாமல் எட்டை முடித்து நின்றார். இன்ஸ்பெக்டர் தலை நிமிராமல் தாளில் ஏதோ எழுதினார்.

"வண்டியத் தள்ளி ஓரமா நிறுத்தும்மா. அடுத்து யாரு?"

"மாமா, பாஸா பெயிலா?"

"தள்ளச் சொன்னாருல்ல கண்ணு? அப்ப பாஸுதான்."

முன்னால் போன பையனையும் தள்ளி நிறுத்தத்தான் சொல்லியிருந்தார். அவன் இரண்டு முறை கால் ஊன்றியவன்.