ஒரே சீட்டுக்கட்டை ஆயுசுக்கும் ஓட்டுவது எப்படி?

ஹரிஸ் பார்க்கில் வெள்ளிக்கிழமை இரவு. விக்ரம் ஸ்ட்ரீட்டில் வாங்கிய கொத்து ரொட்டியும் சிக்கன் 65-உம் மேசையில் ஏறிவிட்டன. யாழ்ப்பாணத்து அண்ணைமார் இரண்டு பேர், மதுரைத் தம்பி ஒருவர், வீட்டுக்காரராகிய நீங்கள். நடுவில் அதே சிவப்புக் கட்டு. "புதுசு ஒண்டு வாங்குவமே?" என்று யாராவது கேட்பார்கள். சில டாலர்தானே என்பார்கள். மயங்கிவிடாதீர்கள். ஒரே கட்டை ஆயுசுக்கும் ஓட்டும் கலை உங்களுக்கு ஏற்கெனவே பாதி கைவந்திருக்கிறது. மீதியை நான் சொல்லித் தருகிறேன்.

1. புதுக் கட்டில் முதலில் 304 மட்டும் ஆடுங்கள்.

அண்ணைமார் சொல்லித் தந்திருப்பார்கள்: இந்த ஆட்டத்துக்கு ஏழுக்குக் கீழே உள்ள சீட்டுகள் வேண்டாம். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் 304. ஆக 32 சீட்டுகள் மட்டும் வாரா வாரம் வேலை செய்யும். இரண்டு முதல் ஆறு வரையிலான மற்ற 20 சீட்டுகளும் பெட்டிக்குள்ளேயே தூங்கும். தூங்கட்டும். அவற்றை எழுப்பும் நேரம் நாலாவது படியில் வரும்.

2. ஜெயிக்கும் சீட்டை ஓங்கி அடியுங்கள்.

ஜாக்கியை மெதுவாக வைப்பவன் ஆட்டக்காரனே இல்லை. மேசை அதிரவேண்டும். எந்தச் சீட்டுகள் அதிகம் அடிபடும்? நாலு ஜாக்கி, நாலு ஒன்பது. ஆட்டத்தில் விலை கூடியவை அவைதான், அதனால் மூலை முதலில் மடிவதும் அவற்றுக்குத்தான். காகிதச் சீட்டு என்பது இரண்டு தாள்களை ஒட்டிச் செய்தது. மூலை ஒருமுறை மடிந்தால் மேல்பூச்சு வெடித்து, உள்ளே இருக்கும் வெள்ளை நார் எட்டிப் பார்க்கும். நீவி விட்டாலும் அந்தக் கோடு போகாது.

இதனால் 304-க்குத் தனிச் சுவை கூடுகிறது. கேட்டு எடுத்தவர் முதல் நாலு சீட்டைப் பார்த்ததும் துரும்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அது எந்தச் சாதி என்பதை மறைப்பதில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது. உங்கள் கட்டில் அந்தக் கவிழ்ந்த சீட்டின் வலது மூலையில் பிறை போல ஒரு வெடிப்பு தெரியும். அது ஆர்ட்டின் ஜாக்கி என்று அண்ணைக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரியாதவர் புதிதாக வந்த விருந்தாளி ஒருவர்தான். அவரை அடிக்கடி கூப்பிடுங்கள்.

3. சாப்பிட்டுக்கொண்டே ஆடுங்கள்.

கள்ள ஆட்டக்காரர்கள் விரல் நுனியில் ஒரு களிம்பை வைத்துக்கொண்டு, தங்களுக்கு வேண்டிய சீட்டின் முதுகில் மட்டும் லேசாகத் தடவுவார்கள். நேராகப் பார்த்தால் தெரியாது. விளக்கைச் சரிவாகப் பிடித்துப் பார்த்தால் அந்த இடத்தின் பளபளப்பு மட்டும் மாறியிருக்கும். சிக்கன் 65 எண்ணெய் இதே வேலையைச் செலவில்லாமல் செய்கிறது. மஞ்சள் கறை ஒரு படி மேல்: விளக்கே தேவையில்லை.

துடைக்கலாமே என்பார்கள். ஈரத்துணியால் துடையுங்கள். பிளாஸ்டிக் சீட்டானால் சுத்தமாகிவிடும், அதனால் பிளாஸ்டிக் கட்டு வாங்கவே வாங்காதீர்கள். காகிதச் சீட்டு ஈரத்தில் உப்பி வளையும். வளைந்த சீட்டுக்கு மேலே எதை வைத்தாலும் நடுவில் ஒரு சந்து விடும். கறையோடு வளைவும் சேர்ந்தால் இரட்டை அடையாளம்.

4. சனிக்கிழமை அதே கட்டில் ரம்மி ஆடுங்கள்.

இப்போதுதான் உங்கள் உழைப்புக்குப் பலன். நாலு பேர், ஆளுக்கு 13 சீட்டு. ஒரு கட்டு போதாது. மதுரைத் தம்பி அதே சிவப்பு முதுகில் புதுக் கட்டு ஒன்றைக் கொண்டு வருகிறான். இரண்டையும் கலந்துவிடுங்கள்.

ஜோக்கர்களை விட்டுவிட்டால் மொத்தம் 104 சீட்டு. அதில் அழுக்கேறியவை உங்கள் 32 மட்டும். எல்லாமே ஏழு அல்லது அதற்கு மேல். சுத்தமானவை 72. கையில் கிளாவர் மூன்றும் ஐந்தும் இருக்கின்றன, நாலு வந்தால் வரிசை சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிய கட்டின் மேல் சீட்டு அழுக்கா? அது நாலாக இருக்கவே முடியாது. கீழே போட்ட சீட்டு உதவுமா என்று பாருங்கள். மேல் சீட்டு சுத்தமா? அது இரண்டு முதல் ஆறுக்குள் இருக்கும் வாய்ப்பு 72-க்கு 40, அதாவது பாதிக்கும் மேல். முதுகைப் பார்க்காதவனுக்கு அதே வாய்ப்பு 104-க்கு 40, நூற்றுக்கு 39 கூட இல்லை. யாரும் ஒரு சீட்டிலும் குறி போடவில்லை. வெள்ளிக்கிழமைகள் போட்டுத் தந்தன.

மதுரைத் தம்பி மட்டும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. அவன் புதுக் கட்டோடு வந்தவன். "இன்னைக்குக் கை ஓடலைண்ணே" என்பான். ஆறுதல் சொல்லுங்கள்.

5. சோதிக்காதீர்கள்.

எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆகவே சொல்கிறேன். கட்டை நன்றாகத் தட்டிச் சமன் செய்து, இறுக்கிப் பிடித்து, பக்கவாட்டில் பார்க்காதீர்கள். அழுக்கேறிய சீட்டுகள் அங்கே பழுப்புக் கோடுகளாக நிற்கும். நகத்தால் கீறிய சீட்டில் ஒரு பள்ளம் தெரியும்.

கட்டின் முதுகு உங்களை நோக்கி இருக்க, ஒரு முனையைக் கட்டைவிரலால் வளைத்துச் சரசரவென்று விட்டுப் பார்ப்பதும் கூடாது. நல்ல கட்டில் முதுகுப் படம் அப்படியே அசையாமல் நிற்கும். எங்கேயாவது ஒரு பூ, ஒரு கோடு, ஒரு புள்ளி துள்ளினால் அந்தச் சீட்டில் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதுகு ஓவியத்தில் ஒரு இதழை அதே நிற மையால் மூடிவிடும் தொழில்நுட்பம் மிகப் பழையது. தனியாக ஒரு சீட்டை எடுத்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்குச் சிக்காது. ஓட்டிப் பார்த்தால் சிக்கிவிடும். பிறகு நண்பர்களை எங்கே போய்த் தேடுவீர்கள்?

6. கேசினோக்காரர்களைப் பார்த்துச் சிரியுங்கள்.

பிர்மாண்டில் ஸ்டார் இருக்கிறது, பரங்காரூவில் கிரவுன் இருக்கிறது. பொதுவாகக் கேசினோ உலகத்தின் வழக்கத்தைக் கேளுங்கள்: முத்திரையிட்ட பெட்டியை மேசையில் உடைப்பார்கள். முகத்தை விரித்து எண்ணிக்கை சரிபார்ப்பார்கள், முதுகையும் விரித்துப் பார்ப்பார்கள். ஆட்டக்காரர்கள் சீட்டைக் கையில் எடுத்து மூலையை மடக்கி மெல்ல மெல்லப் பிரித்துப் பார்க்கும் பாக்கரா மேசைகளில், எட்டுக் கட்டு சேர்ந்த 416 சீட்டுகளை ஒரே சுற்றோடு கழித்துவிடுவது உண்டு. பல இடங்களில் கழித்த கட்டில் துளை போடுவார்கள் அல்லது மூலையை வெட்டுவார்கள், மறுபடி மேசைக்கு வராதபடி. என்ன ஊதாரித்தனம்!

அவர்கள் கணக்கு வேறு. மேசையில் உட்கார்ந்தபடி குறி போடுகிறவனுக்கு நேரம் வேண்டும். தனக்கு வேண்டிய சீட்டு தன் கைக்கு வரும்போதுதான் அதில் நகம் பதிக்கலாம், களிம்பு தடவலாம். பத்துகளையும் ஆஸ்களையும் குறித்து முடிக்கவே பல சுற்றுகள் ஆகும். அவன் பாதி முடிப்பதற்குள் கட்டு மாறினால் உழைப்பெல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். பழைய கட்டு கிழிந்துவிட்டதே என்பதற்காக மட்டும் அவர்கள் மாற்றுவதில்லை. குறி முற்றிப் பலன் தருவதற்குள் மாற்றுகிறார்கள். உங்கள் வீட்டிலோ குறி போடுகிறவனுக்கு வருஷக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. இவ்வளவு பெருந்தன்மை எந்தக் கேசினோவில் கிடைக்கும்?

7. ராசி பார்ப்பவர்களின் மனம் கோணாமல் நடந்துகொள்ளுங்கள்.

2012 ஆகஸ்ட், லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் கேசினோ. பில் ஐவி என்ற புகழ்பெற்ற அமெரிக்க ஆட்டக்காரர், கூடவே செங் யின் சன் என்ற பெண்மணி. பாக்கராவின் ஒரு வகையான புன்டோ பாங்கோ ஆடினார்கள். அந்தச் சீட்டுகளின் முதுகுப் படம் இரு நீண்ட ஓரங்களிலும் மிகச் சிறிதளவு வித்தியாசமாக வெட்டுப்பட்டிருந்தது. தொழிற்சாலையின் குறை அது, யாரும் தொடவில்லை. சன் அம்மையார், இது அதிர்ஷ்டச் சீட்டு என்று சொல்லிச் சிலவற்றை மட்டும் திருப்பி வைக்கச் சொன்னார். சீட்டுப் போடுபவரும் பணிவாகத் திருப்பினார். திரும்பியவை ஏழு, எட்டு, ஒன்பது: அந்த ஆட்டத்தில் உயர்ந்த மதிப்புள்ளவை. கலைப்பதற்கு இயந்திரம் இருந்ததால், கலைந்தாலும் சீட்டு திசை மாறவில்லை. அடுத்த சீட்டின் ஓரத்தைப் பார்த்து ஐவி பந்தயம் கட்டினார். இதற்கெல்லாம் ஆதாரம், அதே கட்டு மேசையில் தொடர்வது. ராசியான கட்டு, மாற்ற வேண்டாம் என்று கேட்டார். மாற்றவில்லை.

வென்றது சுமார் 77 லட்சம் பவுண்டு. கேசினோ தர மறுத்தது, ஐவி வழக்குப் போட்டார். 2017 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், இது ஏமாற்று ஆட்டம்தான் என்று சொல்லிவிட்டது. தான் செய்தது ஏமாற்று அல்ல என்று அவர் மனதார நம்பினார் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகும்.

ஆகவே "இந்தக் கட்டு எனக்கு ராசி, மாத்தாதேங்கோ" என்று அண்ணை சொன்னால் ஏன் என்று கேட்காதீர்கள். சீட்டைப் போடும்போது தலைகீழாகத் திருப்பிப் போடாதீர்கள். பாதிக் கட்டைத் திருப்பிக் கலைத்தால் ஓரங்கள் கலந்துவிடும், அவருக்கு வருத்தமாக இருக்கும்.

8. தொலைந்த சீட்டுக்கு ஜோக்கரைப் பயன்படுத்துங்கள்.

கிளாவர் நாலு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. தேட வேண்டாம். ஒரு ஜோக்கரை எடுத்து, கறுப்பு மார்க்கரால் பெரிதாக "4" என்று எழுதி, மூன்று இதழும் ஒரு காம்பும் வரையுங்கள். மை முதுகுப் பக்கம் ஊறித் தெரிகிறதா என்று திருப்பிப் பார்க்காதீர்கள். ஜோக்கர் அதுவரை பெட்டிக்குள்ளேயே கிடந்ததால் பளிச்சென்று இருக்கும். அதைப் பற்றியும் கவலைப்படாமல் கட்டில் செருகிக் கலைத்து, வெட்டுவதற்கு மதுரைத் தம்பியிடம் நீட்டுங்கள்.