ஜன்னல் கடிதக்காரர்

பக்கத்து வீட்டு மாடியில் புது ஜன்னலுக்கு இடம் விட்டுச் செங்கல் ஏறிய அன்றே இந்தப்புறம் ஒரு கடிதக்காரர் பிறந்துவிடுகிறார். மதிலோரம் நின்று 'என்னங்க' என்று கூப்பிட்டால் முடியும் காரியத்துக்கு, 'தங்கள் இல்லம் மென்மேலும் உயர வாழ்த்தும் அதேவேளையில்' என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதுவார். முற்றத்துத் துணிக்கொடி, தலை உலர்த்தல், வற்றல் முறம் எல்லாம் 'எங்கள் குடும்ப அந்தரங்கம்' ஆகிவிடும். நகல், வார்டு கவுன்சிலருக்கு. சிரிக்கலாம், ஆனால் மனிதர் விவரமானவர். 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டம் 18ஆம் பிரிவில், அண்டை வீட்டின் மறைவான பகுதியைப் பார்க்கும்படி புது ஜன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் உள்ள ஊரையே உதாரணம் காட்டுகிறது. 1888இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அத்தகைய வழக்கத்தை ஏற்றது. சென்னையின் பழைய தீர்ப்புகள் அவ்வளவு தாராளம் காட்டவில்லை. ஆகவே இங்கே வழக்குப் போடுகிறவர் ஊர்வழக்கத்தைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அந்தரங்கத்தைக் காக்கப் போய் அதையே கூண்டில் ஏறி விவரிக்க வேண்டும். கடிதமே மேல்.

கோளாறு 'ஜன்னல் உயரத்தைக் குறைக்கவும்' என்ற வரியில்தான். கொத்தனார் அதைப் படித்தால் ஜன்னலை இன்னும் கீழே இறக்கிவிடுவார். முற்றம் முழுசாகத் தெரியும். கடிதக்காரர் கேட்க வேண்டியது, ஜன்னலின் மேல்மட்டம் அப்படியே இருக்க, அடிமட்டம் ஏற வேண்டும் என்பதே. வழக்கமாகத் தரையிலிருந்து மூன்றடியில் தொடங்கி ஏழடியில் லிண்டலுக்குக் கீழே முடியும் திறப்பு அது. கீழே இரண்டரை அடி செங்கல் வைத்து அடைத்தால் அடிமட்டம் ஐந்தரை அடிக்குப் போகும், திறப்பு ஒன்றரை அடியாகும். நிற்பவரின் கண் ஐந்தடியில் இருந்தால் வானம் தெரியும், வற்றல் தெரியாது. லிண்டலையும் சன்ஷேடையும் தொட வேண்டியதில்லை, செலவும் சொற்பம். 'காற்று போய்விடுமே' என்பார் பக்கத்து வீட்டார். ஓரளவு நியாயம்தான். ஆனால் அறையின் சூடு மேலே ஏறுவதால் உயரத்துத் திறப்பு அதை வெளியேற்றிவிடும். வெளிச்சம் போதாவிட்டால் அடைக்கும் பகுதியில் செங்கலுக்குப் பதில் திறக்க முடியாத மங்கல் கண்ணாடி பதிக்கலாம். 'நாங்கள் பார்க்கவே மாட்டோம்' என்ற உறுதிமொழி இன்னும் பெருந்தன்மையானது. நாளை மாடியை வாடகைக்கு விட்டால் அது கூட வராது. 'மொட்டைமாடியிலிருந்து தெரியாதா?' என்றும் கேட்பார். தெரியும். ஆனால் அங்கே நிற்பவரும் தெரிவார், கீழே இருப்பவர் உள்ளே போய்விடலாம். திரைக்குப் பின்னால் இருப்பவர் விஷயத்தில் அது நடக்காது.

இதையெல்லாம் நாலு வரியில் எழுதி, ஜன்னல் சட்டம் பொருத்தும் முன்பே கொடுத்திருந்தால் அரைநாள் கொத்துவேலை. நம்மவரோ 'மதிப்பிற்குரிய'வா 'மரியாதைக்குரிய'வா என்று யோசித்து, நல்ல நாள் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது எதிரே இரண்டாவது கோட்டு பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.