நூறு வாங்கினால் பயமில்லை!

கே: என் மாமியார் நெற்றியில் புறங்கையை வைத்தே "நூத்திரெண்டு" என்று சொல்லிவிடுகிறார். நம்பலாமா?
– இளம் தாய், செல்லூர்

ப: "சுடுது" வரைக்கும் நம்பலாம். மிச்சத்துக்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர். அக்குளில் வைத்து, கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, 'பீப்' வரும்வரை பொறுங்கள். 100.4-லிருந்துதான் காய்ச்சல். அக்குள் எப்போதும் அரை, ஒரு டிகிரி குறைத்தே காட்டும், வீட்டுக்காரர் மனைவியிடம் சொல்லும் சம்பளத்தைப் போல!

கே: எத்தனை டிகிரி போனால் பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?
– ஆட்டோ ஓட்டுநர், கோரிப்பாளையம்

ப: முதலில் பிள்ளையின் வயசைச் சொல்லும். மூன்று மாதம் நிறையாத சிசு என்றால் 100.4 தொட்டதுமே கிளம்ப வேண்டும், ராத்திரி ரெண்டு மணியானாலும் சரி. "மருந்து கொடுத்துப் பார்த்துட்டு" என்ற பேச்சே கூடாது. ஒன்று, இரண்டு வயசுப் பிள்ளைக்கு 104 வந்தால் அன்றைக்கே டாக்டர். அதற்குக் கீழே தெர்மாமீட்டரை வைத்துவிட்டுப் பிள்ளையைப் பாரும்.

கே: போன மாதம் 103-இல் என் மகன் கட்டிலில் ஏறிக் குதித்தான். இப்போது 101-தான், ஆனால் சுருண்டு கிடக்கிறான். எதற்குப் பயப்படுவது?
– விசைத்தறித் தொழிலாளி, செல்லூர்

ப: குதித்தவனுக்குக் கட்டில்தான் பயப்பட வேண்டும். சுருண்டவனைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். காய்ச்சல் மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழிந்தும் முகம் பார்க்காமல், தண்ணீர் குடிக்காமல், எழுப்பினாலும் சொக்கி விழுந்தால் 101 கூடப் பெரிய எண்தான். எட்டு மணி நேரமாக மூத்திரம் போகவில்லையா? அதுவும் ஆஸ்பத்திரிக் கேஸ். அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயசு தாண்டியவனுக்கு 40-ஐத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, சட்டையைத் திரும்ப மாட்டும் நேரம்கூட வீண்.

கே: பக்கத்து வீட்டில் 6 மில்லி கொடுத்தார்களாம். நானும் 6 மில்லி பாராசிட்டமால் கொடுத்தேன். சரிதானே?
– புது அப்பா, தத்தனேரி

ப: பாட்டிலைப் படித்தீரா? ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 10 கிலோ பிள்ளைக்கு 150. '5 மில்லியில் 120' என்ற சிரப்பில் அதற்கு 6 மில்லி. '5 மில்லியில் 250' என்றால் 3 மில்லிதான். ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தென்றால் ஒன்றரை. சொட்டு மருந்தை 6 மில்லி ஊற்றினால் நாலு வேளை மருந்து ஒரே மடக்கில்! ஆறு மணி நேரத்துக்கொரு தரம், நாளைக்கு நாலு தரத்துக்கு மேல் வேண்டாம். ஈரலுக்குப் பக்கத்து வீட்டுக் கணக்கு தெரியாது.

கே: வியர்க்கட்டும் என்று கம்பளி போர்த்தலாமா?
– பாட்டி, ஆரப்பாளையம்

ப: வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஆவியாகாமல் மூடி வைக்கும் வித்தையை வைகை அணையில் 2017-இல் தெர்மாகோல் போட்டே பார்த்தாயிற்று. பிள்ளைக்கு மெல்லிய பருத்திச் சட்டை போதும்.

கே: காய்ச்சலில் வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்கலாமா?
– வாசகர், சிம்மக்கல்

ப: வண்டிச் சாவி என்றால் உம் கையிலேயே இருக்கட்டும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையும். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் போகக் கூடாது. கடிகாரத்தைப் பாரும். ஐந்து நிமிஷத்தில் நிற்கவில்லையென்றால் 108. முதல் வலிப்பென்றால், நின்ற பிறகும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கே: நாலு நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. கொண்டாடலாமா?
– தாய், செல்லூர்

ப: இரண்டு நாள் பொறுங்கள் தாயே. டெங்குவின் குணமே அதுதான்: காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். தெர்மாமீட்டர் 98 காட்டும், வீடே நிம்மதியாக இருக்கும், பிள்ளைக்குக் கைகால் சில்லிட்டிருக்கும். வயிற்றைத் தொட்டால் அலறினாலும், வாந்தி நிற்காவிட்டாலும், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தாலும் "காய்ச்சல்தான் இல்லையே" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் டாக்டர் எழுதித் தருகிற ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது.

கே: மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி "ஸ்ட்ராங்கா" ஒரு சிரப் கொடுத்தார். காய்ச்சல் பறந்துவிட்டது!
– வாசகர், கூடல்நகர்

ப: லேபிளில் மெஃபெனமிக் என்றோ இபுப்ரோஃபென் என்றோ இருக்கிறதா பாரும். டெங்குவாக இருந்தால் அவை ரத்தக் கசிவைக் கூட்டும். டாக்டர் சொல்லாமல் வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. அண்ணாச்சியிடம் ஸ்ட்ராங்காகக் கேட்க வேண்டியது டீ மட்டும்தான். அதற்கும் கடை வேறு.

கே: ராத்திரி தவறாமல் கொசுவர்த்தி ஏற்றுகிறோமே, பிறகும் டெங்கு எப்படி?
– குடும்பத் தலைவர், செல்லூர்

ப: டெங்குக் கொசுவுக்குப் பகல் ஷிஃப்ட். பந்தல்குடி வாய்க்காலைத் திட்டியது போதும், அது முட்டையிடுவது உங்கள் வாசலில் மூடாத குடிதண்ணீர் டிரம்மில்!